ஒரே புகை, இரண்டு குடல் நோய்கள்

"சிகரெட்டை விட்டு ரெண்டு வருஷம்கூட ஆகலை டாக்டர், அதுக்குள்ள மலத்துல ரத்தம் போக ஆரம்பிச்சிடுச்சு. பேசாம விடாமலே இருந்திருக்கலாமோ?"

கேட்பவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருடைய கணக்கில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. நாள்பட்ட குடல் அழற்சியில் முக்கியமான நோய்கள் இரண்டு. ஒன்று கிரோன் நோய், மற்றொன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். புகைபிடித்தால் முதலாவது மோசமாகிறது. இரண்டாவது, புகைபிடிப்பவர்களுக்கு அரிதாக வருகிறது, வந்தாலும் பலருக்குக் கொஞ்சம் சாதுவாக இருக்கிறது. சிகரெட்டை விட்ட பிறகு சிலருக்கு அது முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. கேட்பதற்குப் புகையிலைக் கம்பெனி கட்டிவிட்ட கதை போலத் தோன்றும். ஆனால் 40 வருஷத்துக்கும் மேலாக மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம் இது.

ஒரே புகை ஏன் ஓரிடத்தில் இப்படியும் மற்றோரிடத்தில் அப்படியும் நடந்துகொள்கிறது? அந்த "சாது" என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்த இரண்டையும் பார்க்க ஓர் அண்ணன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். இருவரும் நான் உருவாக்கிய ஆட்கள். ஆனால் அப்படிப்பட்ட உடன்பிறப்புகளை வைத்து உண்மையிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணனுக்கு 44 வயது. 20 வருஷம் புகைபிடித்துவிட்டு 42 வயதில் நிறுத்தினார். இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வெளியே போகிறது. ரத்தமும் சளியும் கலந்து வருகிறது. அவசரம் வந்தால் இரண்டு நிமிஷம்கூட அடக்க முடியவில்லை. தம்பிக்கு 36 வயது. இன்றைக்கும் தினமும் பத்துப் பன்னிரண்டு சிகரெட். அவருக்கு ரத்தம் போவதில்லை. ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது அடிவயிறு முறுக்கிப் பிடிக்கிறது. ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்துவிட்டது. அண்ணனுக்கு வந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். தம்பிக்கு வந்தது கிரோன் நோய்.

"நீ விட்டுட்ட, உனக்கும் வந்துடுச்சு. நான் விடலை, எனக்கும் வந்துடுச்சு. அப்போ சிகரெட்டுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்கிறார் தம்பி.

சம்பந்தம் இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் இரண்டு நோய்களும் குடலில் எங்கே குடியிருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று மேல்பூச்சில், மற்றொன்று சுவருக்குள்

குடலை ஒரு நீண்ட குழாய் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குழாயின் சுவருக்குப் பல அடுக்குகள் உண்டு. உள்பக்கம் உணவும் மலமும் தொட்டுப் போகும் மெல்லிய சவ்வு. அதற்கு வெளியே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் அடுக்கு. அதற்கும் வெளியே தசை.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலில் மட்டும் வரும். மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் படரும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்குப் பெருங்குடல் முழுவதும் ஏறும். ஆழத்தில் பார்த்தால், பெரும்பாலும் அந்த உள் சவ்வைத் தாண்டிப் போகாது. சுவரில் பூச்சு மட்டும் உரிந்து புண்ணாகிக் கிடப்பது போல. ரத்தம் அவ்வளவு எளிதாக வருவது அதனால்தான்.

கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். அதற்கு மிகவும் பிடித்த இடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் முனை. தம்பிக்கு வலது அடிவயிறு வலிப்பது அதனால்தான். ஓரிடத்தில் புண், கொஞ்சம் தள்ளி நல்ல குடல், மறுபடி புண் என்று விட்டுவிட்டு இருக்கும். ஆழத்தில் இது சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவும். நாளாக ஆக அந்த இடம் தழும்பேறித் தடித்துக் குழாய் சுருங்கிவிடும். இல்லாவிட்டால் சுவரைத் துளைத்துப் பக்கத்துக் குடலுக்கோ தோலுக்கோ பாதை போட்டுவிடும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் அப்படிப் பாதை விழுவதைத்தான் நாம் பௌத்திரம் என்கிறோம். (பௌத்திரம் உள்ள எல்லோருக்கும் கிரோன் இருப்பதாகப் பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு இருக்காது.)

நோய் இருக்கும் இடமும் அதன் ஆழமும் வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

1982இல் கார்டிஃபில் கண்டது

வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஹாரிஸ், பெயர்ட், ரோட்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் தங்கள் குடல் நோயாளிகளிடம் புகைப்பழக்கம் பற்றி விசாரித்து, 1982இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றவர்களில் 44 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். அந்தக் காலத்து பிரிட்டனுக்கு அது இயல்பான அளவு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளில் புகைபிடித்தவர்கள் 8 சதவீதம்தான். இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வராது.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அந்த ஆய்வில் இருந்தது. கிரோன் நோயாளிகளில் 42 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். அதாவது மற்றவர்களைப் போலவேதான். கிரோனுக்கும் புகைக்கும் தொடர்பு இருப்பதாக அந்த ஒரு கணக்கைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. பிறகு வந்த ஆய்வுகள்தான் அதை வெளியே கொண்டுவந்தன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்புகளின்படி, புகைபிடிப்பவர்களுக்கு கிரோன் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரும் வாய்ப்போ, ஒருபோதும் புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. அப்புறம், அண்ணனுக்குப் பொருந்தும் கணக்கு: புகைத்துவிட்டு நிறுத்தியவர்களுக்கு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நிறுத்திய முதல் சில வருஷங்களில் அந்த ஆபத்து அதிகம்.

"நோய் வந்ததால் பயந்து புகைப்பதை நிறுத்தியிருப்பார்கள், அதனால்தான் நோயாளிகளில் புகைப்பவர்கள் குறைவாகத் தெரிகிறார்கள்" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் பலர் நிறுத்தியது நோய் வருவதற்கு முன்னால். அண்ணன் நிறுத்தியபோது அவருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் கிடையாது.

இனி நான் சொன்ன அந்த உடன்பிறப்பு ஆய்வு. குடல் அழற்சிக்குப் பரம்பரைக் கூறு உண்டு, சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வரும். அப்படிப்பட்ட குடும்பங்களில், ஒருவர் புகைப்பவராகவும் மற்றவர் புகைக்காதவராகவும் உள்ள உடன்பிறப்புகளை பிரிட்டன் ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். 2002இல் கட் என்ற இதழில் முடிவு வந்தது. இருவருக்கும் வெவ்வேறு நோய் இருந்த ஜோடிகளில், கிட்டத்தட்ட எப்போதும் புகைத்தவருக்கு கிரோன், புகைக்காதவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது. ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே சாப்பாடு. குடல் அழற்சிக்கான விதை இருவரிடமும் இருந்திருக்கிறது. அது எந்த நோயாக முளைக்க வேண்டும் என்பதில் புகைக்கும் பங்கு இருந்திருக்கிறது.

புகை குடலுக்குள் என்ன செய்கிறது

சிகரெட் புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் உண்டு. அவை நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து குடலுக்கு வருகின்றன. எது எந்த வேலையைச் செய்கிறது என்பது முழுதாகத் தீர்ந்த கணக்கு அல்ல. ஆனால் மூன்று இடங்களில் நல்ல தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

முதலாவது, சளிப் படலம். நம் பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை நேராகச் சவ்வைத் தொடாமல் இருப்பதற்காக, சவ்வின் மேல் வழுவழுப்பான சளி இரண்டு அடுக்காகப் படிந்திருக்கிறது. சவ்வை ஒட்டிய அடுக்கு கெட்டியானது, அதற்குள் பாக்டீரியா புகுவது கடினம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு இந்தப் படலம் மெலிந்துபோயிருக்கும். பாக்டீரியா நெருங்கி வரும், வெள்ளணுக்கள் கொதித்தெழும். புகைப்பவர்களுக்கு இந்தச் சளி கூடுதலாகச் சுரப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் மெலிந்த இடத்தில் ஒரு பூச்சு கூடுகிறது. ஆனால் சிறுகுடலில் சளி இப்படி இரண்டு அடுக்காக இருப்பதில்லை. ஒரே அடுக்கு, அதுவும் தளர்வானது. தம்பியின் நோய் இருப்பது அங்கே. தவிர, அவருடைய புண் சுவரின் ஆழத்தில் இருக்கிறது. மேலே பூச்சு கூடி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டாவது, ரத்தக் குழாய்கள். புகைத்தால் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் எளிதில் உறையும். மாரடைப்புக்கும் காலில் ரத்த ஓட்டம் தடைபடுவதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறோம். குடல் சுவருக்குள்ளும் அதே கதைதான். கிரோன் நோயாளிகளின் குடலை அறுவைசிகிச்சையில் எடுத்துச் சோதித்த ஆய்வாளர்கள், சுவருக்குள் ஓடும் சின்னஞ்சிறு தமனிகள் அழற்சியால் அடைபட்டிருப்பதை 1989இலேயே விவரித்தார்கள். சுவரின் எல்லா அடுக்குகளையும் அழற்சி பிடித்திருக்கும் இடத்தில், ரத்தம் கொண்டுவரும் குழாயும் சுருங்கினால் புண் எப்படி ஆறும்? தழும்புதான் கூடும். அண்ணனுடைய நிலைமை வேறு. அவருடைய மலக்குடல் சவ்வு ரத்தம் கட்டிச் சிவந்து வீங்கியிருக்கிறது. அளவுக்கு மேல் ரத்தம் பாயும் அந்த இடத்தில் ஓட்டம் கொஞ்சம் குறைந்தால் வீக்கமும் குறையலாம் என்பது ஒரு விளக்கம். குழாய் சுருங்குவது என்ற ஒரே செயல் அண்ணனுக்கு ஒரு மாதிரியும் தம்பிக்கு ஒரு மாதிரியும் முடிகிறது.

மூன்றாவது, நோய் எதிர்ப்பு அணுக்கள். கிரோன் நோயில் ஒரு பெரிய சிக்கல், குடல் சுவருக்குள் நுழைந்துவிடும் பாக்டீரியாவை அணுக்கள் ஒழுங்காகத் தின்று தீர்க்காமல் விட்டுவிடுவது. கிரோனோடு தொடர்புடையதாக முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நாட்2 என்ற மரபணுவின் வேலையே உள்ளே நுழைந்த பாக்டீரியாவை அடையாளம் காண்பதுதான். 2001இல் அது வெளிவந்தது. புகை அந்த விழுங்கும் அணுக்களை இன்னும் மந்தமாக்குகிறது. ஏற்கெனவே காவல் குறைவான வீட்டில் காவலாளியையும் தூங்க வைப்பது போல.

எதிர்ப்பு அணுக்கள் எந்த வழியில் சண்டை போடுகின்றன என்பதிலும் இரண்டு நோய்களுக்கும் வித்தியாசம் உண்டு. கிரோனில் ஒரு வகை அணுக்களின் கை ஓங்கியிருக்கும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் வேறு வகை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2025இல் ஒரு புதிய தடயம் தந்தார்கள். புகைப்பவர்களின் பெருங்குடல் சவ்வில், வழக்கமாக வாயில் வாழும் சில பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. புகையால் குடலில் உண்டாகும் சில பொருட்கள் அவற்றுக்கு இடம் அமைத்துக் கொடுக்கின்றன. அப்படி வரும் பாக்டீரியாவில் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தபோது, கிரோனில் ஓங்கியிருக்கும் அதே வகை அணுக்கள் பெருகின. கிரோன் போன்ற அழற்சியில் இது எரிகிற தீயில் எண்ணெய். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற அழற்சியிலோ, ஓங்கியிருந்த மற்ற வகையை இது எதிர்த்து நின்று அடக்கியது. எலியில் கண்டது மனிதரில் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், இரண்டு நோய்களிலும் ஏன் எதிரெதிராக நடக்கிறது என்பதற்கு ஒரே நூலில் கோத்த விளக்கம் இது.

இடமும் முக்கியம் என்பதற்கு இன்னோர் எலி ஆய்வு சாட்சி. குடல் அழற்சி தானாகவே வரும் ஓர் எலி வகைக்கு நிகோட்டின் கொடுத்தார்கள். ஒரே எலியில் பெருங்குடல் அழற்சி குறைந்தது, சிறுகுடல் அழற்சி கூடியது. மனிதரிலும் புகையின் கெடுதல் சிறுகுடல் கிரோனில்தான் தெளிவாகத் தெரிகிறது. பெருங்குடலில் மட்டும் கிரோன் உள்ளவர்களுக்கு அது அவ்வளவு தூக்கலாக இல்லை.

அப்படியென்றால் நிகோட்டினை மருந்தாகக் கொடுக்கலாமே?

இதே யோசனை கார்டிஃப் குழுவுக்கும் வந்தது. சிகரெட்டை விடுவதற்குத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டைகள் அப்போது சந்தைக்கு வந்திருந்தன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தீவிரமாக இருந்த 72 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வழக்கமான மருந்தை நிறுத்தாமல், பாதிப்பேருக்கு நிகோட்டின் பட்டையும் பாதிப்பேருக்கு வெறும் பட்டையும் ஆறு வாரம் ஒட்டினார்கள். 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வெளியானது. நிகோட்டின் பெற்ற 35 பேரில் 17 பேருக்கு அறிகுறிகள் முழுதாக அடங்கின. வெறும் பட்டை ஒட்டிய 37 பேரில் 9 பேருக்கு அடங்கின. நிகோட்டினுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது என்று அப்போது தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடங்கிய நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுமா என்று அடுத்த வருஷமே அதே இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. வெறும் பட்டையைவிட நிகோட்டின் பட்டை எந்த விதத்திலும் மேலாக இல்லை. வழக்கமான மருந்துகளோடு ஒப்பிட்டபோதும் நிகோட்டின் அவற்றை மிஞ்சவில்லை. பக்க விளைவுகளோ அதிகம்: குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, தூக்கக் கலக்கம். ஒருபோதும் புகைக்காதவர்களில் பலர் அதைத் தாங்கச் சிரமப்பட்டார்கள். அதனால் இன்றைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு நிகோட்டின் ஒரு வழக்கமான சிகிச்சை அல்ல.

சுவீடனில் ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலையை உதட்டுக்கு அடியில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. நம்மூரில் சிலர் புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொள்வது போலத்தான். அதில் புகை கிடையாது, நிகோட்டின் தாராளமாக உண்டு. எல்லாவற்றுக்கும் நிகோட்டின்தான் காரணம் என்றால் ஸ்னூஸ் போடுபவர்களுக்கு இந்த நோய் குறைவாக வந்திருக்க வேண்டும். சுவீடனின் கட்டுமானத் தொழிலாளர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆக, புகையில் வேறு ஏதோ சேர்ந்து வேலை செய்கிறது. கார்பன் மோனாக்சைடு அதில் ஒன்று என்று சிலர் கருதுகிறார்கள். மிகக் குறைந்த அளவில் அது எலிகளின் பெருங்குடல் அழற்சியைத் தணித்திருக்கிறது. அதிக அளவில் ஆளைக் கொல்லும் வாயு என்பதைச் சொல்லத் தேவையில்லை. புகையிலையை வாயில் அடக்கினாலும் மூக்குப்பொடி போட்டாலும் வயிற்றுக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் கிடையாது.

"சாது" என்பதன் எல்லை

புகைக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு நோய் அடிக்கடி கிளம்புவதில்லை, மருத்துவமனைச் சேர்க்கை குறைவு என்று பழைய ஆய்வுகள் சொன்னன. பிறகு வந்த பெரிய கணக்குகள் அவ்வளவு தாராளமாக இல்லை. பிரிட்டனின் பொது மருத்துவர்களிடம் உள்ள பதிவேடுகளைப் பயன்படுத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கிளம்புவது, ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருப்பது, பெருங்குடலை அறுவைசிகிச்சையில் எடுப்பது என்று எதைப் பார்த்தாலும், புகைப்பவர்களுக்கும் ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நோய் கண்டறிந்த பிறகு புகைப்பதை நிறுத்தியவர்களுக்கும் நிலைமை மோசமாகவில்லை.

இதைத்தான் அண்ணனுக்கு நான் அழுத்திச் சொல்வேன். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பது பல இடங்களில் உறுதியாகக் கண்ட விஷயம். நோய் வந்துவிட்ட பிறகு புகை அதைக் கட்டுப்படுத்தும் என்பது அதைவிடப் பலவீனமான செய்தி. இரண்டும் ஒன்றல்ல. அவர் மறுபடி பற்ற வைத்தால் ரத்தம் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே கூடுதல். அதோடு புகையையும் சேர்த்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. டோஃபாசிட்டினிப் போன்ற புதிய மாத்திரைகளைப் புகைப்பவர்களுக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். அண்ணனுக்கு நாளைக்கு அந்த மாத்திரை தேவைப்பட்டால், சிகரெட் அந்தக் கதவையும் பாதி சாத்திவிடும்.

சரி, அண்ணனுக்கு இப்போது என்ன செய்வார்கள்? முதலில் மலத்தைச் சோதித்து, இது அமீபா போன்ற கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்வார்கள். நம் ஊரில் ரத்த பேதி என்றால் அதைத்தான் முதலில் விலக்க வேண்டும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளப்பார்கள். குடலில் அழற்சி இருந்தால் அது உயரும். பிறகு ஆசனவாய் வழியே கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்து, மலக்குடலிலிருந்து எவ்வளவு தூரம் புண் ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சின்னச் சதைத் துணுக்குகள் எடுப்பார்கள். அவருக்கு நோய் பெருங்குடலின் இடது பாதியோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் மாத்திரையும், அதே மருந்தை ஆசனவாய் வழியே செலுத்தும் எனிமாவும் சேர்த்துத் தொடங்குவார்கள். எனிமாவைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். புண் இருக்கும் இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோவது அதுதான். சில வாரங்களில் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு, அதற்கும் மேலே வேறு மருந்துகள். புகை செய்யும் என்று அவர் நினைக்கும் வேலையை இந்த மருந்துகள் அதைவிட நன்றாகவே செய்யும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கும்போதே சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுத்தப்போவதை உங்கள் குடல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மெசலமினை ஒரு வேளைகூட விடாதீர்கள். விட்ட சில வாரங்களில் வயிறு மந்தமாகி மலச்சிக்கல் வருவது பலருக்கும் இயல்பு, அது நோய் கிளம்பியதற்கு அடையாளம் அல்ல. ரத்தம், தூக்கத்திலிருந்து எழுந்து ஓடவைக்கும் அவசரம், சளி, இவை தென்பட்டால் தாமதிக்காமல் போய் கால்புரோடெக்டின் பார்க்க வேண்டும். சிகரெட்டை விடுவதற்காக நிகோட்டின் பட்டையோ சூயிங்கமோ பயன்படுத்த மருத்துவர் சொன்னால் தாராளமாகப் பயன்படுத்தலாம். குடலுக்கு மருந்தாக அல்ல, சிகரெட்டை விட உதவியாக.

தம்பியின் பக்கம்

தம்பிக்கு இதில் குழப்பத்துக்கே இடமில்லை. புகைக்கும் கிரோன் நோயாளிக்கு நோய் அடிக்கடி கிளம்பும், ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் அதிகம் தேவைப்படும், அறுவைசிகிச்சை சீக்கிரம் வரும். "ஒரு நாளைக்கு நாலஞ்சுதான்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பத்துக்கும் குறைவாகப் புகைப்பவர்களைத் தனியாகப் பார்த்த பிரெஞ்சு ஆய்வும் கெடுதலைத்தான் காட்டியது.

விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸில் ழாக் கோன் என்ற மருத்துவரின் குழு 2001இல் பதில் தந்தது. புகைக்கும் 474 கிரோன் நோயாளிகளிடம் பேசிப் பேசி விடச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுக் காட்டியவர்கள் 59 பேர்தான். அவ்வளவு கடினமான வேலை அது, தம்பியைத் திட்டுவதில் பயனில்லை. ஆனால் அந்த 59 பேருக்கு அதற்குப் பிறகு நோய் கிளம்பிய அளவு, ஒருபோதும் புகைக்காத நோயாளிகளின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு பழக்கத்தை விடுவது ஒரு நல்ல மருந்தைத் தொடங்குவதற்குச் சமமாக வேலை செய்யும் சந்தர்ப்பம் மருத்துவத்தில் அபூர்வம்.

தம்பியின் சிறுகுடல் முனை ஏற்கெனவே சுருங்கிவிட்டது, அடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல சிறுகுடலைப் பெருங்குடலோடு இணைப்பார்கள். நோய் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். கிரோன் அப்படிப் போவதில்லை. திரும்பி வந்தால் பெரும்பாலும் அந்த இணைப்புக்குச் சற்று மேலே, சிறுகுடல் பக்கத்தில்தான் வரும். அறுவைசிகிச்சைக்குப் பிறகும் புகைப்பவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறுபடி கத்தி வைக்க வேண்டி வருவதும் அப்படியே கூடுகிறது. குடலை வெட்ட வெட்ட நீளம் குறையும், வளராது.

அறுவைசிகிச்சை முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி ஒரு கொலோனோஸ்கோபிக்கு அவரைக் கூப்பிடுவார்கள். வலி எதுவும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். ஏனென்றால் வலி வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இணைப்புக்கு மேலே சின்னச் சின்னப் புண்கள் தோன்றிவிடும். அவற்றை எண்ணிப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். கேமராவை உள்ளே விடும் முன்பு மருத்துவர் தம்பியிடம் கேட்கும் முதல் கேள்வி, "விட்டாச்சா?" என்பதாகத்தான் இருக்கும்.